இன்று காலை மீட்டிங்கில் சொன்னது: குழு வாரியாக வேலையும் பாதுகாப்பும் (12.05.2026, செவ்வாய், பெரும்பாக்கம் சைட்)

மேஸ்திரிகள் எல்லோருக்கும் வணக்கம். காலை 6.40க்கு சூப்பர்வைசர் அண்ணன் பேசியது மொத்தம் 14 நிமிஷம். பாதி நேரம் பக்கத்தில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்ததால் பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ரெக்கார்டிங்கை மூன்று முறை கேட்டு எழுதியிருக்கிறேன். சத்தத்தில் மறைந்துபோன இரண்டு அளவுகளை அண்ணனிடமே நேரில் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். பேச்சின் நடுவில் அவர் மாற்றிச் சொன்ன இடங்களில் கடைசியாகச் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் குழுவுக்கு உள்ளதை மட்டும் படித்தால் போதும், ஆனால் சம்ப் பற்றியதை மட்டும் எல்லோரும் படியுங்கள், அது கீழே முதலிலேயே இருக்கிறது.

நாளை புதன் காலை 6 மணிக்கு மூன்றாம் மாடி கூரை கான்கிரீட். இன்றைய வேலை எல்லாமே அதற்காகத்தான். கத்திரி வெயில் என்பதால் இன்று 6 முதல் 11.30 வரை ஒரு ஷிப்ட், பிறகு 3 முதல் 6.30 வரை. நடுவில் மொட்டை வெயிலில் மாடியில் யாரும் நிற்க வேண்டாம்.

சம்ப் – எல்லாக் குழுவுக்கும்

முன்பக்க சம்ப்பின் மேல் ஸ்லாப் போட்டு 16 நாள் ஆகிறது. உள்ளே சென்ட்ரிங் பலகையும் சவுக்குக் கட்டையும் அப்படியே இருக்கின்றன, அடியில் ஒரு முழம் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இதைப் பிரிக்க இன்று யாரும் இறங்கக்கூடாது. நாளையும் கூடாது. ரெக்கார்டிங்கில் அண்ணன் இதற்கு மட்டும் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசியிருக்கிறார், குரலை உயர்த்தியும் பேசியிருக்கிறார்.

காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மூடிக்கிடக்கும் குழியில் ஈரப் பலகை மக்கும்போது உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனை அதுவே தின்றுவிடும், கெட்ட வாயுவும் சேரும். வாடை வந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், ஆக்ஸிஜன் குறைவுக்கு வாடையே கிடையாது. இறங்கியவனுக்கு மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்குள் கால் மடங்கி விழுந்துவிடுவான். அதைப் பார்த்து அவனைத் தூக்க ஓடி இறங்குகிறவனும் அதே காற்றைத்தான் இழுக்கிறான். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். அண்ணன் சொன்னது அப்படியே: "கூடப் பொறந்தவனே உள்ள கிடந்தாலும் இறங்காத, கத்து, ஆளக் கூப்பிடு, 108க்கும் 101க்கும் அடி."

வெள்ளிக்கிழமை வாயு அளக்கும் மீட்டர், ப்ளோயர், முக்காலி, கயிறு, பெல்ட்டோடு தனி ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் அளந்து, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்குவது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே வேண்டாம். சில வாயு கண்ணுக்கே தெரியாது, சில வாயு தீப்பிடிக்கும். இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: சென்ட்ரிங் குழுவில் இரண்டு பேர் இரண்டு மூடியையும் திறந்து, மேலே கம்பி வலை போட்டுக் கட்டி, சுற்றி சிவப்பு டேப் இழுத்துவிட வேண்டும். 7.30க்குள் முடியணும். கிளிப், சுத்தியல் எது உள்ளே விழுந்தாலும் விழுந்ததாகவே இருக்கட்டும்.

கம்பிக் குழு

மதியம் 3 மணிக்கு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கம்பி பார்க்க வருகிறார், அதனால் 2 மணிக்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையை உங்கள் குழு மட்டும் 2 மணிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக கம்பி கட்டும் இடத்துக்கு மேலே பச்சை வலை இழுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

முக்கியமான குறை பால்கனியில்தான். 1.2 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப்புக்கு மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். நேற்று மாலை நானும் அண்ணனும் போய்ப் பார்த்தபோது வடக்குப் பக்க பால்கனியில் ஆட்கள் மிதித்து மிதித்து மேல் கம்பி கிட்டத்தட்ட கீழ்க் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது, சேர் ஒன்றுகூட இல்லை. இப்படியே கான்கிரீட் போட்டால் ஜாக்கி எடுத்த அன்றைக்கே பால்கனி தொங்கும், அல்லது ஒடிந்து விழும், வீட்டுக்காரர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நாளில்கூட விழலாம். மூன்று பால்கனியிலும் மீட்டருக்கு ஒரு சேர் வைத்து மேல் கம்பியைத் தூக்கிக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் நடக்க பலகை போட்டுவிடுங்கள், கம்பி மேல் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம்.

அப்புறம் கவர் பிளாக். ஸ்லாப்புக்கு டிராயிங்கில் 25 மி.மீ. இருக்கிறது, உடைந்த ஓட்டுச் சில்லு, ஜல்லி எதையும் அதற்குப் பதிலாக வைக்கக்கூடாது. பீமுக்கு அடியில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் வைக்க வேண்டும், நான்காவது கிரிட்டில் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. காலம் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் எல்லா முனைக்கும் பிளாஸ்டிக் தொப்பி போடுங்கள், ஸ்டோரில் 200 இருக்கிறது. ஒடிசா தம்பிகளுக்கு இந்தியில் நான் தனியாக வாய்ஸ் அனுப்புகிறேன், இருந்தாலும் பால்கனி விஷயத்தை மேஸ்திரி அண்ணன் நேரில் கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

சென்ட்ரிங் குழு

காலையில் முதலில் அண்ணன் இரண்டாம் மாடி ஜாக்கியில் பாதியை எடுத்து மேலே கொண்டுபோகச் சொன்னார், 9வது நிமிஷத்தில் அதை ரத்து செய்துவிட்டார். கடைசி முடிவு: இரண்டாம் மாடி ஜாக்கி ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. அதன் மேல் ஸ்லாப் ஏப்ரல் 27இல் போட்டது, ஹால் பீம் 6.3 மீட்டர், 6 மீட்டருக்கு மேல் போன பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும், ஆக 18ஆம் தேதிக்கு முன்னால் பேச்சே இல்லை. போதாததற்கு நாளைக்குப் போடும் பச்சைக் கான்கிரீட்டின் மொத்த எடையும் அந்த ஸ்லாப் மேல்தான் இறங்கப்போகிறது. குறையும் 30 ஜாக்கி வாடகைக்கு 10 மணி வண்டியில் வருகிறது, காத்திருங்கள்.

ஜாக்கிக்கு அடியில் செங்கல் வைத்து உயரம் சேர்த்த இடங்கள் நாலைந்து இருக்கின்றன, அதை எடுத்துவிட்டு ஜாக்கியிலேயே திருகி ஏற்றுங்கள். எல்லாவற்றையும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். ஷீட் இடுக்குகளில் டேப் ஒட்டுங்கள், பால் ஒழுகினால் கான்கிரீட் தேன்கூடாகும். மாலை 5 மணிக்கு ப்ளோயர் போட்டு கட்டுக்கம்பித் துண்டு, மரத்தூள் எல்லாவற்றையும் பீம் அடியிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். நாளை கான்கிரீட் ஓடும்போது உங்கள் ஆட்கள் இரண்டு பேர் கீழே ஓரமாக நின்று முட்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த இரண்டு பேர் தவிர யாரும் மூன்றாம் மாடிக்குள் போகக்கூடாது.

பிளம்பிங், எலக்ட்ரிக்கல்

போன ஸ்லாப்பில் ஒரு ஸ்லீவ் விட்டுப்போய் கோர் கட்டிங் செய்தபோது கம்பி வெட்டுப்பட்டது நினைவிருக்கும். காலை மீட்டிங்கில் சொன்னது பிளம்பர் காதுக்கு எட்டாததுதான் காரணம், நான் இப்படி எழுத ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். 4 அங்குல ஸ்லீவ் ஆறு, 3 அங்குலம் மூன்று, மழைத்தண்ணீருக்கு இரண்டு, ஆக 11. கம்பி கட்டி முடிவதற்கு முன்னால், 12 மணிக்குள் வைத்து, ஒவ்வொன்றின் வாயையும் மூடி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எண்ணிக்கை 11 வந்தால்தான் டிக் போடுவேன்.

எலக்ட்ரிக்கல் தம்பி ஃபேன் பாக்ஸ் 9, லைட் பாயிண்ட் 26. பைப்பை மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் நடுவில் ஓட்டுங்கள், ஒரே இடத்தில் கட்டாக ஓட்ட வேண்டாம். நாளைக்கு வைப்ரேட்டருக்கான போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி இருக்கிறதா என்று பார்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்றும் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பிளக் இல்லாமல் ஒயரைச் சொருகித் தீக்குச்சி வைக்கும் வேலை இனி இல்லை. ஈரத்தில் ஒயர் தரையில் கிடக்கக்கூடாது, கொக்கியில் தொங்கவிடுங்கள்.

மண் வேலை

பின்பக்க டிரெயின் பைப்புக்கு 1.8 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். ஒன்றரை மீட்டர் தாண்டினாலே பலகை முட்டு கொடுக்காமல் உள்ளே இறங்கக்கூடாது, அங்கே பழைய ஏரி மண், ஈரம் பட்டால் அப்படியே சரியும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். ஏணி உள்ளேயே இருக்கட்டும், மேல் முனை தரைக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டியிருக்க வேண்டும். ஜேசிபி ஓடும்போது குழிக்குள் ஆள் கூடாது, வாளி சுற்றும் தூரத்தில் நிற்கவும் கூடாது.

கொத்தனார், சித்தாள்

முதல் மாடி உள்பூச்சு, இரண்டு படுக்கையறை. காலமும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்த பிறகுதான் பூச்சு. வெளிச்சாரத்தில் இன்று வேலை இல்லை, மேலே கம்பி வேலை நடப்பதால். நேற்றுப் பூசிய சுவருக்குக் காலை, மதியம், மாலை தண்ணீர். லிப்ட் குழி வாயில் வைத்திருந்த பலகையை யாரோ கலவைத் தட்டுக்கு எடுத்திருக்கிறார்கள், அதை 8 மணிக்குள் திரும்ப வைத்து ஆணி அடித்துவிடுங்கள். கலவையில் கை வைக்கும் அக்காமார்களுக்கு ரப்பர் கையுறை ஸ்டோரில் தருகிறார்கள், சிமென்ட் அரித்த கையை நான் பார்த்திருக்கிறேன், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கான கான்கிரீட் குழு

60 கன மீட்டர், 10 வண்டி. வைப்ரேட்டர் இரண்டு, கூடுதலாக பெட்ரோல் வைப்ரேட்டர் ஒன்று, மூன்றையும் இன்று மாலை ஓட்டிப் பாருங்கள். இறுகியிருக்கிறது என்று வண்டியில் தண்ணீர் சேர்ப்பது நாளை நடக்காது, ஸ்லம்ப் சரியில்லையென்றால் வண்டி திரும்பிப் போகும். லோடு ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும், பில்லில் நேரத்தைப் பார்த்து நான் குறித்துக்கொள்கிறேன். க்யூப் 5 சாம்பிள், ஒன்றுக்கு மூன்று வீதம் 15, ஏழு நாள் டெஸ்ட்டுக்குத் தனியாக 3. எல்லோருக்கும் கம்பூட்.

மாடி விளிம்பில் நிற்கிற யாராக இருந்தாலும் பெல்ட் போட்டு லைஃப்லைனில் கொக்கி மாட்ட வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கொக்கியைத் தோளில் தொங்கவிடுவதைப் போட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஹெல்மெட்டுக்கு தாடைப் பட்டையும் உண்டு. மோர் 10 மணிக்கும் 4 மணிக்கும் வருகிறது, உப்புக் கரைசல் பாக்கெட் என்னிடம் இருக்கிறது. யாருக்காவது தலை சுற்றி, வியர்வை நின்று, பேச்சு குழறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

மாலை 5.30க்கு மேஸ்திரிகள் ஆறு பேரும் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் இருங்கள். பிளம்பர் போட்டோ, ஈஎல்சிபி, பால்கனி சேர், லிப்ட் பலகை, சம்ப் வலை இந்த ஐந்தையும் பார்த்த பிறகுதான் ஆர்எம்சிக்கு நான் உறுதி சொல்லி போன் செய்வேன். இதைப் படித்த மேஸ்திரிகள் உங்கள் ஆள் எண்ணிக்கையைப் போட்டுப் பதில் அனுப்புங்கள்.