ராணிக்கு எவ்வளவு, டாமிக்கு ஏன் வேண்டாம்: ஜெர்மன் பையில் இருப்பது

செல்வி அக்கா, தம்பி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த நாய்த் தீனிப் பையின் படங்களைப் பெரிதாக்கிப் படித்துவிட்டேன். முதலில் அவசரமானது: இதை டாமிக்கு வைக்காதீர்கள். முகப்பில் ஆட்டுப் படமும் ‘ஆட்டுக்கறி சேர்த்தது’ என்ற வரியும் பெரிதாக இருக்கிறது, ஆனால் பின்பக்கம் பார்த்தால் ஆடு 4 சதவீதம்தான், கோழி மாவு 18 சதவீதம். ஐரோப்பிய விதிப்படி 4 சதவீதம் இருந்தாலே முகப்பில் அப்படிப் போடலாம். கோழி பட்டாலே காதைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறவன் அவன், ஒரு பிடிகூட வேண்டாம்.

என்னென்ன இருக்கிறது என்றால், எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில்: மக்காச்சோளம், கோழி மாவு, அரிசி, விலங்குக் கொழுப்பு (எந்த விலங்கு என்று எழுதவில்லை), ஆட்டு மாவு, சர்க்கரை பீட் சக்கை, கோழி ஈரல், ஆளி விதை, உப்பு. கீழே ‘சாம்பல் 6,5’ என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உணவை எரித்தால் மிஞ்சும் தாது உப்புகளின் அளவு, சாம்பல் எதுவும் கலக்கவில்லை. காற்புள்ளியும் அவர்களுக்குத் தசமப் புள்ளிதான், ஆறரை என்று படியுங்கள்.

இப்போது ராணிக்கு. அட்டவணையில் இருக்கும் எண்கள் ஒரு வேளைக்கு இல்லை, ஒரு நாள் முழுவதற்கும்:

10 கிலோ நாய்: அதிகம் ஓடாதது 130 கிராம், ஓடியாடுவது 150
15 கிலோ நாய்: 175 கிராம், 205

ராணி 13 கிலோ, நடுவில் வருகிறாள், அதிகம் ஓடாத நாய்க்கான எண்ணை வைத்து அப்படியே கணக்குப் போட்டால் 157 கிராம். ஆனால் கருத்தடை செய்தபிறகு எடை கூடிவிட்டது, 12 கிலோவுக்கு இறக்கச் சொல்லி டாக்டர் சொன்னார் இல்லையா, அதனால் 12 கிலோவுக்கே கணக்கிடுங்கள்: 148 கிராம், காலை 74, ராத்திரி 74. இது வேறெதுவும் தராமல் இதை மட்டும் தந்தால். ராத்திரி வழக்கம்போல ரசம் சாதம், தயிர் சாதம் என்று வைத்தால் காலை 74 கிராமோடு நிறுத்திவிடுங்கள், சாதத்தையும் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எடை இறங்கவே இறங்காது. டம்ளரால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதல் இரண்டு நாள் பழைய சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் இதை வையுங்கள், அடுத்த இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால், ஒரு வாரத்தில் முழுசாக. உலர்ந்த தீனி என்பதால் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், மதுரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். பிரித்த பையை மொட்டைமாடி அறையில் வைத்தால் கொழுப்பு சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை வந்துவிடும், பையோடு மூடி போட்ட டிரம்மில் வைத்து வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

கெடும் தேதி பையின் அடியில் அச்சாகியிருப்பதாகப் போட்டிருக்கிறது, அந்தப் படம் மட்டும் வரவில்லை. எடுத்து அனுப்புங்கள் அக்கா, அதைப் பார்த்துவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.