ஸ்கோர் கணக்கு: தம்பிக்கு ஒப்படைக்கும் குறிப்பு

தம்பி, போன ஞாயிறு மேட்ச் முடிந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது, பக்கத்து மேசையில் அவ்வளவு சத்தம். அதனால் எழுதியே தருகிறேன். நம் கிரிக்கெட் கிளப்பின் இருபத்திரண்டு வருடக் கணக்கு இது. முதல் எட்டு வருடம் என் வீட்டுக்காரர் ஆடினார், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று பேனாவைக் கையில் கொடுத்தார்கள். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார், என்னால் பேனாவை விட முடியவில்லை. இப்போது கண் புரை ஆபரேஷனுக்கு அப்புறம் வெயிலில் வெள்ளைப் பந்தைப் பார்ப்பது சிரமமாக இருக்கிறது, அதான் விஷயம், வேறு மனஸ்தாபம் எதுவும் இல்லை. யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடு.

கோப்புகள் எல்லாம் கிளப் டிரைவில் `STATS` என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. நீ தினமும் தொடப்போவது மூன்றுதான். `matches.xlsx`-இல் ஒரு மேட்சுக்கு ஒரு வரி. `innings.xlsx`-இல் ஒவ்வொருவரின் பேட்டிங்குக்கும் பௌலிங்குக்கும் தனித்தனி வரி. `players_master.xlsx`-இல் ஆட்களும் அவர்களுடைய எண்களும். சராசரி, அதிகபட்ச ஸ்கோர், சீசன் பட்டியல் எல்லாம் இந்த மூன்றிலிருந்து தானாக வரும் `reports.xlsx`-இல் இருக்கின்றன, அதில் கையால் எதையும் அடிக்காதே. நாலாவதாக `corrections.xlsx` என்று ஒன்று உண்டு. நான் போன பிறகு மற்ற எல்லாம் அழிந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் இருக்க வேண்டும். எந்த எண்ணை, எந்தத் தேதியில், எதைப் பார்த்து மாற்றினேன் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. `OLD_DO_NOT_USE` என்ற ஃபோல்டரை உண்மையாகவே தொடாதே, அதில் இருப்பது எனக்கு முன்னால் இருந்தவர் செய்தது, பாதி சரி, எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

நீ பைத்தானில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவேன் என்றாய். செய். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஸ்கோர் புத்தகத்தின் பக்கம் கண் முன்னால் இல்லாமல் ஒரு எண்ணைக்கூடத் திருத்தாதே. கூட்டல் தப்பாக இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, எங்கே தப்பியது என்றும் தெரிய வேண்டும். ஏன் சொல்கிறேன் என்று கீழே அந்த 101 கதையில் புரியும்.

வாராந்திர வேலை இதுதான். ஞாயிறு மேட்ச் முடிந்ததும், நடுவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எதிரணி ஸ்கோரரோடு உட்கார்ந்து இரண்டு புத்தகத்தையும் ஒத்துப் பார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதே, அந்த அரை மணி நேரத்தில் தீராத வித்தியாசம் அப்புறம் எப்போதும் தீராது. பேட்ஸ்மேன்களின் ரன்னும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். பௌலர்கள் கொடுத்த ரன்னோடு பையும் லெக் பையும் சேர்ந்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். வைடும் நோ பாலும் பௌலர் கணக்கில் ஏற்கெனவே இருக்கின்றன, மறுபடி கூட்டிவிடாதே, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் விழுவார்கள். விக்கெட் எண்ணிக்கையைப் பார்க்கும்போது ரன் அவுட்டைக் கழித்துக்கொள், ஸ்டம்பிங்கும் ஹிட் விக்கெட்டும் பௌலருக்குச் சேரும். அன்றைக்கு ராத்திரியே பக்கத்தைப் போட்டோ எடுத்து `SCANS`-இல் போடு. திங்கள் பதிவு செய், செவ்வாய் காலை கேப்டனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. செவ்வாய்க்கு முன்னால் கேட்கிறவர்களுக்கு பதில் சொல்லாதே, கேட்பது எப்போதும் ஐம்பது அடித்தவர்தான்.

மழையும் இடியும் நம் சிங்கப்பூரில் ஒரு தனி அத்தியாயம். மின்னல் எச்சரிக்கை வந்து எல்லோரும் உள்ளே ஓடினால் மணியை எழுதிக்கொள், எத்தனை ஓவர், எத்தனை பந்து என்று எழுதிக்கொள், அதுதான் பிற்பாடு சண்டை வருகிற இடம். டாஸ் போட்டுவிட்டால் ஒரு பந்துகூட வீசாவிட்டாலும் நம் கணக்கில் அது ஒரு மேட்ச், பதினொரு பேருக்கும் ஒன்று கூடும். டாஸ் போடவில்லை என்றால் அது வெறும் டீ குடித்த ஞாயிறு. டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையில் இலக்கு மாறினால் `revised_target` என்ற பத்தியில் மட்டும் போடு, முதல் இன்னிங்ஸ் மொத்தத்தில் கை வைக்காதே. ஸ்டெர்ன் பெயர் சேர்ந்தது 2014-இல், அதற்கு முந்தைய புத்தகங்களில் டி/எல் என்றுதான் இருக்கும். இன்னும் பழையவற்றில் ரன் ரேட்டை வைத்தே தீர்த்திருக்கிறார்கள். அவற்றை இன்றைய முறைப்படி மறுபடி கணக்கிட வேண்டாம், அன்று ஜெயித்தவன் ஜெயித்தவன்தான்.

இனி தரவில் எனக்குத் தெரிந்த கோளாறுகள்.

முதலாவது ஓவர். 7.4 என்றால் ஏழு ஓவர் நாலு பந்து, ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு என்று அர்த்தம் இல்லை. ஒருவன் மூன்று மேட்சில் 7.4, 2.5, 3.3 வீசியிருக்கிறான் என்று வை, எக்செல் 13.2 என்று கூட்டிக்கொடுக்கும், பார்க்கவும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். உண்மையில் 84 பந்து, அதாவது 14 ஓவர். 2008 வரைக்கும் இருக்கிற எகானமி எல்லாம் இப்படித்தான் கெட்டிருந்தது. இப்போது எல்லாம் பந்தாகவே சேமிக்கப்படுகிறது, ஓவரை D பத்தியில் அடித்தால் இது மாற்றிக்கொள்ளும்:

```
=INT(D2)*6+ROUND((D2-INT(D2))*10,0)
```

அந்த `ROUND`-ஐத் தேவையில்லை என்று எடுத்துவிடாதே. நான் ஒருமுறை எடுத்துப் பட்டேன்.

இரண்டாவது, சிறந்த பௌலிங். விக்கெட்டையும் ரன்னையும் சேர்த்து 5-8 என்று ஒரே கட்டத்தில் அடித்து வைத்திருந்தார்கள், எக்செல் அதைத் தேதி ஆக்கிவிட்டது. ஒரு கணினியில் அது ஆகஸ்ட் 5, அமெரிக்க அமைப்பு இருந்த பழைய லேப்டாப்பில் மே 8. ஐந்து விக்கெட்டுக்கு எட்டு ரன்னா, எட்டு விக்கெட்டுக்கு ஐந்து ரன்னா? நம் கிளப்பில் எட்டு விக்கெட் எடுக்கிற ஆள் யாரும் கிடையாது என்பதால் அது தீர்ந்தது, 3-4 மாதிரியான சின்ன எண்களில் ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைப் புரட்டினேன். 2011-இலிருந்து இரண்டும் தனித்தனிப் பத்தி. புத்தகம் கிடைக்காத ஆறு வரிகளில் `?` போட்டிருக்கிறேன், அழகுக்காக அதை நிரப்பாதே.

மூன்றாவது பெயர்கள், இதுதான் பெரிய தலைவலி. ஒரே ஆள் ஒரு புத்தகத்தில் `M. Suresh`, இன்னொன்றில் `Suresh s/o Muthu`, மூன்றாவதில் வெறும் `Suri`. அப்பாவும் மகனும் ஒரே முதலெழுத்தோடு ஒரே சீசனில் ஆடியிருக்கிறார்கள். பள்ளியில் ஆடிய பையன் தேசிய சேவைக்குப் போய்விட்டு இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது வேறு ஸ்கோரர் புது ஆள் என்று புது எண் கொடுத்திருக்கிறார். அதனால் பெயரை நம்பாதே, `player_id`-ஐ நம்பு. இரண்டு எண்ணை ஒன்றாக்க வேண்டும் என்றால் முதலில் அந்த ஆளையே கேள், அல்லது அவர் அக்காவைக் கேள். நம் ஜனத்துக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

மைதானத்திலும் அதே கதை. பழைய புத்தகங்களில் `Balestier` என்று மட்டும் இருக்கும். அந்தச் சாலையில் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கிறது, இந்தியன் அசோசியேஷனும் இருக்கிறது, எந்த மைதானம் என்று யாருக்குத் தெரியும்? எதிரணியை வைத்து ஊகித்தவற்றுக்குப் பக்கத்தில் `guess` என்று போட்டிருக்கிறேன்.

நட்பு ஆட்டங்களில் முப்பது அடித்ததும் எழுந்து போவார்கள், அதை நாட் அவுட் என்று எழுதிச் சராசரியை வானத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அடிபட்டோ, உடம்பு முடியாமலோ, தவிர்க்க முடியாத வேறு காரணத்தாலோ போனால்தான் நாட் அவுட், மற்றபடி விதிப்படி ரிட்டயர்டு அவுட். அதற்காகவே நட்பு ஆட்டங்களை மொத்தமாகச் சராசரியிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மூத்த உறுப்பினர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

2020-இல் ஏப்ரலிலிருந்து வரிகள் இல்லை. தொலைந்துவிட்டது என்று தேடாதே, கொரோனாவுக்காகப் போட்ட சர்க்யூட் பிரேக்கர் ஊரடங்கும் அதற்குப் பிந்தைய கட்டுப்பாடுகளும்தான் காரணம். பழைய பதிவுப் படிவங்களில் அடையாள அட்டை எண் இருந்தது, 2019 செப்டம்பரில் விதி மாறிய சமயத்தில் அந்தப் பத்தியை அழித்துவிட்டேன். யாராவது மறுபடி சேர்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்.

சரி, அந்த 101.

யார் என்று உனக்குத் தெரியும், வருடாந்திர விருந்தில் ஒவ்வொரு தடவையும் அதைப் பற்றிப் பேசுவாரே அவர்தான். நீ கூட்டிப் பார்ப்பாய், அவர் பெயருக்கு நேராக இருக்கிற ரன்கள் 97 தான் வரும், கையால் எழுதிய மொத்தம் 101. அணியின் மொத்தம் 214, எக்ஸ்ட்ரா 15, மற்ற பேட்ஸ்மேன்கள் 98, ஆக 101 இருந்தால்தான் 214 வரும். பௌலர்கள் பக்கம் 207, பை 3, லெக் பை 4, அதுவும் 214. அப்படியென்றால் ஒரு பவுண்டரி நிஜமாகவே அடிக்கப்பட்டது, பேட்டிங் கட்டத்தில் எழுத விட்டுப்போயிருக்கிறது. 31-ஆவது ஓவரில் பௌலர் கட்டத்தில் 12, பேட்டிங் கட்டங்களில் 8. அந்த ஓவரில் இரண்டு பேரும் ஸ்ட்ரைக் எடுத்திருக்கிறார்கள். நாலு இவருடையதா, மறுமுனையில் 23 எடுத்தவருடையதா? பக்கத்தின் அந்த மூலையில் மழைத்துளி விழுந்து மை கலைந்திருக்கிறது. அன்றைக்கு ஸ்கோர் எழுதியது நான்.

எனக்கு நினைவில்லை. மறுமுனையில் இருந்தவர் பெர்த்துக்குப் போய்விட்டார், அவரைக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு அவருக்கே இருக்கட்டும் அக்கா என்றார். அது சாட்சி இல்லை, பெருந்தன்மை. ஆனாலும் அன்று ஆட்டம் முடிந்து இரண்டு ஸ்கோரரும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட எண் 101, அதனால் கணக்கில் 101 தான் இருக்கிறது, `corrections.xlsx`-இல் 17-ஆவது வரியில் இதெல்லாம் எழுதியும் இருக்கிறது. உன் பைத்தான் அதைப் பிழை என்று சொல்லும். சொல்லட்டும், நீ மாற்றாதே. எதிரணியின் புத்தகம் என்றைக்காவது கிடைத்தால் மட்டும் திறந்து பார், கிடைத்து அதில் 97 என்று இருந்தால் முதலில் எனக்குப் போன் செய், அவரிடம் நானே சொல்கிறேன்.

பழைய புத்தகங்கள் பெவிலியன் அலமாரியின் கீழ்த்தட்டில், நீல பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. நம் ஊர் ஈரத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும், சிலிக்கா பாக்கெட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. சாவி கேன்டீன் அண்ணனிடம். பெரிய டின்னின் மூடி இறுகியிருக்கும், நகத்தை உடைத்துக்கொள்ளாதே, டீஸ்பூன் காம்பை விட்டு நெம்பு.