பொருள்: குடிநீர் வரும் நாள்கள் சீராக இல்லாதது தொடர்பாக

அனுப்புநர்: குடியிருப்போர், கதவு எண் 14, பிள்ளையார் கோயில் தெரு, 7ஆவது வார்டு.
பெறுநர்: செயல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம்.

ஐயா, வணக்கம்.

எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் என்பதுதான் முறை. ஜூன் மாதம் தண்ணீர் வந்த நாள், நேரம், நிரம்பிய குடங்களைக் கைபேசியில் குறித்து வந்தேன். அதன் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து இணைத்துள்ளேன்.

2, 4 தேதிகளில் ஒழுங்காக வந்தது. பிறகு 9ஆம் தேதிதான். மறுநாளே மீண்டும் வந்தது. பிடித்துவைக்கக் காலிப் பாத்திரம் இல்லை. அதன்பின் ஐந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. 16ஆம் தேதி விடியற்காலை 4.10க்கு வந்து 4.30க்கு நின்றது. ஆறு குடம்தான் நிரம்பியது. அன்று தூங்கிவிட்ட பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதிலிருந்துதான் இரண்டு குடம் கொடுத்தோம்.

தண்ணீர் குறைவு என்றால் பொறுத்துக்கொள்வோம். எந்த நாள் வரும் என்று தெரியாததுதான் பெரும்பாடு. வால்வு திறக்கும் நாளையும் நேரத்தையும் நிர்ணயித்து, தெருமுனைப் பலகையில் எழுதிவைக்கவும், கடைசி வீடுகள் வரை அழுத்தம் சரியாக இருக்கிறதா என ஆய்வு செய்யவும் வேண்டுகிறேன். மனு பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
கதவு எண் 14 குடியிருப்போர்
18.06.2025

இணைப்பு: தண்ணீர் வந்த நாள்களின் ஸ்கிரீன்ஷாட், 1 பக்கம்