‘ஏழாம் கிணறு’ வழிகாட்டி: தலைப்புத் தகவல்

விளையாட்டு: ஏழாம் கிணறு (கணினி)
விளையாட்டின் பதிப்பு: 1.2.3. இன்னும் 1.1 வைத்திருப்பவர்கள் 4ஆம் கட்டத்துக்கு இதை நம்பிப் போக வேண்டாம், அதில் கிணறுகளின் வரிசை வேறு.
வழிகாட்டியின் பதிப்பு: 0.9 (ஒரு ரகசிய அறை மிச்சம்)
கோப்பு: `kinaru_v0.9.txt`
எழுதியது: உப்புவெளி, திருகோணமலை. மூன்று முறை முடித்துப் பார்த்தே எழுதினேன்.

ஸ்பொய்லர் குறிகள்:
`S0` வழி மட்டும்
`S1` புதிருக்கு விடை உண்டு
`S2` கதை உடையும். தம்பி பக்கத்தில் இருந்தால் திறக்காதீர்கள், என் வீட்டில் இதனால் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

கட்டங்கள்:
1. மான் முற்றம் `S0`. பிரட்ரிக் கோட்டை வாசல். மான்களைத் துரத்தினால் நேரம்தான் வீண்.
2. இராவணன் வெட்டு `S1`
3. சீனன்குடாத் தாங்கிகள் `S1`, கடைசி ஏணியில் `S2`. 1942 ஏப்ரல் ஜப்பானியக் குண்டுவீச்சு இங்கே கதைக்குள் வருகிறது. துருப்பிடித்த தாங்கிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் அதிகம் பேர் தொலைவது இங்கேதான். சுவரில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டே நடவுங்கள்.
4. கன்னியா `S2`. ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றல்ல. கன்னியாவில் குளித்தவர்களுக்கு அது தெரியும், அதனால் பாதிப் புதிர் அவிழ்ந்த மாதிரி. ஆவி எவ்வளவு எழுகிறது என்று பாருங்கள், அப்புறம் வாளியை எடுங்கள்.
5. புறாத்தீவு `S2`. முடிவு இரண்டு. இரண்டாவதை வேண்டுமென்றே கோப்பின் கடைசியில், நாற்பது வெற்று வரிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.