எங்கள் ஆச்சிக்கு எண்பது 🪔

இன்று எங்கள் ஆச்சிக்கு எண்பது வயது. மதியச் சாப்பாடு முடிந்து, வந்த சொந்தமெல்லாம் கிடைத்த இடத்தில் கட்டையைச் சாய்த்துவிட்டது. ஆச்சியும் புதுச் சேலையோடு நார்க்கட்டிலில் தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் 'ஆச்சி சொன்னார்கள்' என்று மரியாதையாகத்தான் எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவளை நான் நேரில் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி பிறந்தது பார்த்திப வருஷம், ஆவணி மாதம். அதாவது 1945, ஜப்பான் சரணடைந்து உலகப்போர் முடிந்த சமயம். ஆதாரில் மட்டும் ஜூலை 1 என்று இருக்கிறது. எழுதியவருக்கு அது வசதியாக இருந்திருக்கும். அதனால் வருஷா வருஷம் ஜூலை 1 காலையில் வங்கியிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்துவிடும். நான் வாசித்துக் காட்டினால், "அன்னைக்கு எங்க ஆத்தா என்னைப் பெக்கவே இல்லையே!" என்பாள் 😄. நாங்கள் ஆவணியில் ஒரு ஞாயிறு பார்த்து வைத்துக்கொண்டோம்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். இங்கே கடலைமிட்டாய்க்குப் பெயர், அதைவிட முன்னால் தீப்பெட்டிக்குப் பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆச்சி வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று இரண்டு உண்டு. மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாளில் பசை தடவிச் சுற்ற வேண்டும். கூலி எண்ணிக்கைக்குத்தான். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ஒன்று குறைந்தாலும் கணக்குப்பிள்ளை குரோஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடச் சேர்ந்து ஒட்டுவார்கள். அதில் ஆச்சி ஒரு சட்டம் வைத்திருந்தாள்: வீட்டுப்பாடம் எழுதாமல் பசைக் கிண்ணத்தைத் தொடக்கூடாது. அவளே மூன்றாவதோடு நின்றவள், எழுதியது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் நோட்டை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்துப் பார்ப்பாளாம். எழுத்து கோணலாக இருந்தால் திரும்ப எழுதச் சொல்வாளாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அத்தை சிரிக்க மாட்டாள். அந்த நோட்டிலிருந்து புறப்பட்டுத்தான் அத்தை டீச்சர் ஆனாள், ரிடையரும் ஆகிவிட்டாள். இன்றைக்கும் அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

இப்போது ஒட்டுவதற்கு ஆச்சியிடம் ஒன்றும் இல்லை. மரச்சீவல் போய் அட்டை வந்தது, மெஷின் வந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரையில் தீப்பெட்டியைப் பார்த்தால் கையில் எடுத்து, ஓரத்தை நகத்தால் ஒரு நிமிண்டு நிமிண்டிப் பார்ப்பாள். பசை விட்டிருந்தால் முகம் சுருங்கும். 2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டது ஆச்சிதான். "இப்பவாவது ஏத்தணும்னு தோணுச்சே" என்றாள். விலை ஏறியதற்குச் சந்தோஷப்பட்ட வேறு ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன்.

இந்த நாளைக் கொண்டாடலாமா என்றே ஒரு பேச்சு ஓடியது. சதாபிஷேகம் என்றால் தம்பதியாக உட்கார வேண்டும், தாத்தா இல்லையே, எப்படி என்று சிலர் இழுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆச்சிக்கு வரவில்லை. "அபிஷேகமெல்லாம் எதுக்கு, எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாள். அதனால் ஹோமம் இல்லை, மண்டபம் இல்லை. வாசலில் பந்தல், நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள், மூன்று கொள்ளுப்பேத்திகள், வாழையிலை. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆச்சிக்கு நாற்காலி. பாயசம் வந்ததும் முதல் கரண்டியை அந்தப் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னாள். ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை.

சென்னையிலிருந்து வந்த தம்பி கேக் வாங்கி வந்திருந்தான். மேலே 8, 0 என்று இரண்டு மெழுகுவத்தி. கொளுத்தி, "ஊது ஆச்சி, ஊது" என்று பிள்ளைகள் கத்துகின்றன. ஆச்சி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"எரியிற தீயை ஊதி அணைக்கவால இத்தனை வருஷம் பெட்டி ஒட்டுனேன்?"

அவ்வளவுதான். தம்பியிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி, ஓரத்தை நிமிண்டிப் பார்த்துவிட்டு, குத்துவிளக்கை அவளே ஏற்றினாள். மெழுகுவத்தி பாட்டுக்கு எரிந்து, எட்டு உருகி மூன்று மாதிரி ஆகிவிட்டது. அந்த மெழுகை வழித்துப் போட்டுவிட்டுத்தான் கேக் சாப்பிட்டோம். கொள்ளுப்பேத்திகள் கொண்டுவந்த கடலைமிட்டாயை வெற்றிலை இடிக்கிற உரலில் போட்டு இடித்து, தூளாக்கி, ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாள் 🥜. பல் போனபிறகு அவள் கண்டுபிடித்த வழி அது. பல் இருக்கிற நாங்களும் கையை நீட்டினோம்.

ஆச்சி, சாயங்காலம் அத்தை இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். உன்னிடம் நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த அந்த ஒன்றரை வருஷத்தில் "என்னல ஆச்சு" என்று கேட்காத ஒரே ஆள் நீதான். தினமும் பத்து மணிக்குக் காப்பித் தம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாய். ஒருநாள் தம்ளருக்கு அடியில் மடித்த ஐம்பது ரூபாய் இருந்தது. அதை நான் செலவழிக்கவில்லை. இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது ❤️.

அப்புறம், ஆயிரம் பிறை கண்டவள் என்று உன்னை எல்லோரும் காலையிலிருந்து சொல்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பது வருஷத்துக்கு 990 பிறை வரைதான் வருகிறது. பத்து பாக்கி. அதை உன்னிடம் சொன்னதற்கு நீ விரலை மடக்கி வேறு கணக்குப் போட்டாய்.

"ஆயிரம்னா ஏழு குரோஸுக்கு எட்டுக் குறையுதேல. எட்டுக் குறைஞ்சா கணக்குப்பிள்ளை எடுத்துக்க மாட்டானே."

சரிபார்த்தேன், ஏழு குரோஸ் 1008. அந்தக் கணக்குப்படி 2027 மாசியில்தான் குரோஸ் நிறைகிறது 🌙. சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். அதே பந்தல், அதே சமையல்காரர். கேக் வேண்டாம். தீப்பெட்டி மட்டும் ஓரம் பார்த்து வாங்கி வாருங்கள்.