சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்போது

மீனா,

வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் கும்பகோணம் வந்துவிடுவாய். ஸ்டேஷனுக்கு வண்டியோடு நானே வந்துவிடுகிறேன். "உங்க அப்பா அம்மாகிட்ட முதல்ல என்ன பேசறதுன்னே தெரியல" என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இது.

நாம் போகும்போது அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். பார்த்ததும் "வாம்மா, சாப்பிட்டியா?" என்பாள், மணி ஐந்தாக இருந்தாலும். ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயை அவள் கையிலேயே கொடுத்து, "வணக்கம்மா. எங்க கோவில்பட்டிக் கடலைமிட்டாய், அம்மா கொடுத்து அனுப்பினாங்க" என்று சொல். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் எதிரில் பிரிக்க வேண்டாம். நீ காபி குடிக்க மாட்டாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பால் தருவாள்.

அப்பா திண்ணையில் பேப்பருக்காகக் காத்திருப்பார். முழங்கால் வலி, அதனால் எழுந்து வரவேற்க மாட்டார், தப்பாக நினைக்காதே. முகமும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இடது காது சரியாகக் கேட்காது, வலது பக்கமாகப் போய் நிற்போம். முதலில் நான் பேசுகிறேன்:

"அப்பா, இவதான் மீனா. ஹாஸ்டல்ல என் ரூம். எனக்கு டெங்கு வந்தப்ப பத்து நாள் லீவு போட்டுப் பாத்துக்கிட்டது இவதான்."

அதெல்லாம் எதற்கு என்பாய். அவருக்குத் தெரிய வேண்டும், சொல்லத்தான் போகிறேன். அப்புறம் நீ கைகூப்பி,

"வணக்கம்ப்பா. உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்கா. முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?"

அவ்வளவு போதும். காலில் விழாதே, அவருக்குப் பிடிக்காது. அங்கிள், ஆன்ட்டி வேண்டாம். என் நண்பர்கள் எல்லாருக்குமே அவர்கள் அப்பா, அம்மாதான். பேச்சு நின்றுபோனால் 2016 மகாமகத்தைப் பற்றிக் கேள். குளக்கரைத் தண்ணீர்ப் பந்தலில் நின்ற கதையை ஆரம்பித்துவிடுவார். கடைசியில் 2028 மகாமகத்துக்கு உன்னையும் வரச் சொல்லுவார், பாரேன்.

இன்னொன்று. எதிர் வீட்டு அத்தை வந்தால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. "மீனா என் தோழி, அத்தை" என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதை அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். "நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைகிட்ட அதை யாரும் கேக்கக் கூடாது, நானே சொல்லிடறேன்" என்றார்.

உங்கள் அம்மா நம்பரை மறக்காமல் அனுப்பு. நீ வந்து சேர்ந்ததும் அவரோடு பேச வேண்டும் என்று என் அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கயல்