ஆறாம் வகுப்புக்கு நேர மண்டலம்: குளோப், பல்பு, ஒரு பேப்பர் பட்டை

டீச்சர், திங்கக்கிழமை நான் ட்ரெயினிங் போறதால ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நீங்கதான் எடுக்கணும், அதனால நான் வழக்கமா எப்படி நடத்துவேனோ அப்படியே எழுதி வச்சிருக்கேன். குளோப் பீரோவுல மேல் தட்டுல இருக்கு, ஹோல்டர்ல மாட்டுன எல்.இ.டி பல்பும் பக்கத்துலயே இருக்கு. ஜன்னலை எல்லாம் அடைச்சிடுங்க, ரூம் கொஞ்சமாவது இருட்டா இல்லன்னா இது எடுபடாது. பல்பு குளோப்போட நடுக்கோடு உயரத்துல, நாலடி தள்ளி இருக்கட்டும், ரொம்ப கிட்ட வச்சா பாதி பூமிக்குக் கூட வெளிச்சம் பத்தாது.

முதல்ல ஸ்டிக்கர் பொட்டு. சென்னை, சிங்கப்பூர், துபாய், லண்டன், நியூயார்க், இந்த அஞ்சு இடத்துல ஒவ்வொண்ணு ஒட்டச் சொல்லுங்க. நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ துபாய், சிங்கப்பூர்லதான் இருக்காங்க, அதனால அந்த ரெண்டையும் விட்டுடாதீங்க. அப்புறம் குளோப்பை மேற்குலேர்ந்து கிழக்கா மெதுவா சுத்துங்க. பல்பை யாரும் தொடக்கூடாது, இது முக்கியம், பல்பை நகத்துனா சூரியன்தான் பூமியைச் சுத்துதுன்னு மனசுல உக்காந்துடும், அதை எடுக்க ஏழாவது வரைக்கும் ஆகும். பல்புலேர்ந்து பாக்கறப்போ இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கமா சுத்தணும். எந்தப் பொட்டு இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்குள்ள வருதோ அங்க விடியுதுன்னு பசங்களே கத்துவாங்க, கத்தட்டும்.

அடுத்து பட்டை. நடுக்கோட்டைச் சுத்தி ஒரு பேப்பர் பட்டையை அளந்து வெட்டுங்க, கொஞ்சம் லூசா இருக்கட்டும். அதைப் பாதியா மடிச்சு, திரும்பப் பாதியா, இன்னொரு தடவை பாதியா மடிச்சா எட்டு பாகம், ஒவ்வொண்ணையும் மூணாப் பிரிச்சா 24. பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அப்போ ஒரு மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். இதை நீங்க போர்டுல எழுதிப் போடாம பட்டையை எண்ண விட்டாலே அவங்களே வகுத்துடுவாங்க. ஒவ்வொரு கோட்டுலயும் மணி எழுதி, பட்டையோட காலை 6-ஐ குளோப்போட கம்பியில டேப் போட்டு ஒட்டிடுங்க, கம்பி பல்புலேர்ந்து பாக்கறப்போ இடப்பக்கம் வரணும், பகல் 12 பல்பைப் பாத்து நிக்கணும், 1, 2, 3 எல்லாம் அதுக்கு வலப்பக்கம் போகணும். இப்போ பட்டை நிக்கும், குளோப் மட்டும் உள்ள சுத்தும்.

சென்னையை 12-க்கு நேரா கொண்டு வந்து நிறுத்துங்க. அஞ்சு பசங்க கையில அட்டைக் கடிகாரம். ‘இப்போ, இந்த நிமிஷம், உங்க ஊர்ல என்ன மணி?’ன்னு கேளுங்க. துபாய் பத்தரை கிட்ட, லண்டன் காலைல ஆறரை, ஆறேமுக்கால் கிட்ட காட்டும், நியூயார்க் இருட்டுக்குள்ள ஒன்றரையைத் தாண்டி நிக்கும். போன்ல உலகக் கடிகாரத்தைத் திறந்து சரிபாருங்க, துபாய் நம்மளவிட ஒன்றரை மணி பின்னாடி, சரியா வருதா. லண்டனும் நியூயார்க்கும் கோடைல கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளிடுவாங்க, அது ஒரு மணி வித்தியாசமா வந்தா பயப்படாதீங்க.

சிங்கப்பூர்லதான் மாட்டுவீங்க. பட்டை ஒன்றரை சொச்சம்னு காட்டும், போன் ரெண்டரைன்னு காட்டும். ரெண்டாவது பெஞ்சுல இருக்கற பொண்ணு ‘எங்கப்பா ரெண்டரைன்னுதானே சொல்வாரு’ன்னு கண்டிப்பா கேக்கும். பட்டையை நகத்தி சமாளிக்காதீங்க! அந்த ஊரோட தீர்க்கரேகைப்படி பாத்தா கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னாடிதான் வரணும், ஆனா அங்க அரசாங்கம் எட்டு மணி முன்னாடின்னு கடிகாரத்தை வச்சிருக்கு. சூரியன் ஒரு கணக்கு சொல்லும், கவர்மெண்ட் ஒரு கணக்கு வைக்கும். எனக்குப் பிடிச்ச இடமே இதுதான், இதுக்குக் கொஞ்சம் டைம் ஒதுக்குங்க.

இங்கேயிருந்து நம்ம நாட்டுக்கு வாங்க. 82½ டிகிரி கிழக்கு, உத்தரப்பிரதேசத்துல மிர்சாப்பூர் வழியாப் போற கோடு, அதை வச்சுத்தான் நம்ம கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னாடி. அருணாச்சலத்துக்கும் குஜராத்துக்கும் சூரியன் உதிக்கறதுல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் வித்தியாசம், ஆனா கடிகாரம் ஒண்ணுதான். சீனாவுலயும் நாடு முழுக்க ஒரே மணிதான். நேபாளம் நம்மளவிட கால் மணி முன்னாடி, அதைச் சொன்னா சிரிப்பாங்க.

தேதிக் கோடு வேணாம், அது அடுத்த கிளாஸ்ல பாத்துக்கலாம். யாராவது கேட்டா மட்டும் சென்னையை காலை 8-ல நிறுத்தி நியூயார்க் பையன் கடிகாரத்தைப் பாக்கச் சொல்லுங்க, அவன் நேத்து ராத்திரியில நிப்பான்.

வீட்டுப்பாடம்: வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருக்கறவங்க போன் பண்றப்போ ரெண்டு பக்க மணியையும் எழுதிட்டு வரணும், இல்லாதவங்க பக்கத்து வீட்டுல கேட்டு எழுதலாம். நோட்டை செவ்வாய்க்கிழமை நானே பாத்துக்கறேன்.